காளைக்கு 5 கால் முளைப்பது எப்படி? ஏ.ஐ. போட்டோவில் நடக்கும் கூத்து. சரிசெய்ய வழி இதோ!

மதுரை:

பொங்கல் வந்துவிட்டால் போதும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் ரோட்டோரம் எல்லாம் காளை படம் போட்ட பிளக்ஸ் போர்டுகள்தான். கொஞ்ச காலமாக இந்தப் போர்டுகளில் ஒரு கூத்து நடக்கிறது. திமில் கம்பீரமாக இருக்கிறது, கொம்பு பளபளக்கிறது. ஆனால் குனிந்து காலை எண்ணினால் 5 இருக்கிறது! சில போர்டுகளில் 3 கால்தான்.

"ஏம்ப்பா, காளைக்கு ஒரு காலை எங்கே விட்டீங்க?" என்று டீக்கடையில் நின்று கிண்டல் அடிக்கிறார்கள் பொதுமக்கள். போர்டு வைத்தவர் பாடு திண்டாட்டமாகி விடுகிறது.

இதற்குக் காரணம் ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு படக் கருவிகள். போட்டோவில் ஒரு இடத்தைத் தேர்வு செய்து "இங்கே ஒரு காளை வை" என்று எழுதிக் கொடுத்தால் போதும், சில நொடிகளில் அந்த இடத்தில் காளை வந்து நின்று விடும். போட்டோஷாப்பில் இந்த வசதி 2023-ல் Generative Fill என்ற பெயரில் வந்தது. ஸ்டூடியோக்காரர்களுக்கும் பிளக்ஸ் டிசைனர்களுக்கும் வேலை சுலபமானது. ஆனால் கால் விஷயத்தில் மட்டும் இந்தக் கருவிகள் அடிக்கடி காலை வாரி விடுகின்றன.

இது ஏன் நடக்கிறது? எப்படிச் சரிசெய்வது? விவரம் வருமாறு:-

எலும்பு தெரியாத ஓவியர்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டருக்கு மாடு என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு எலும்பு தெரியாது, மூட்டு தெரியாது, "மாட்டுக்கு நாலு கால்" என்ற கணக்கும் தெரியாது. கோடிக்கணக்கான போட்டோக்களைப் பார்த்து, "மாடு என்று எழுதியிருக்கும் படங்களில் இந்த மாதிரி நிறம், இந்த மாதிரி வளைவு வருகிறது" என்று மட்டும் பழகி வைத்திருக்கிறது.

படம் போடும் முறையும் விசித்திரமானது. நாம் வரைந்தால் முதலில் உடம்பு, பிறகு கால் என்று போவோம். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. பழைய டி.வி.யில் ஆன்டெனா கழன்றால் வருமே, புள்ளி புள்ளியாக ஒரு இரைச்சல், அதில்தான் ஆரம்பிக்கின்றன. அந்த இரைச்சலைப் படிப்படியாகத் துடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு மாட்டைக் கொண்டு வருகின்றன.

தோல், முடி, கண் போன்றவை இதில் அசத்தலாக வந்து விடும். காரணம், அவற்றை வரைய பக்கத்தில் இருக்கும் புள்ளிகளைப் பார்த்தால் போதும். கால் அப்படி இல்லை. வலது ஓரத்தில் இருக்கும் கால், இடது ஓரத்தில் இருக்கும் மூன்று காலோடு சேர்ந்து மொத்தம் நாலாக வரவேண்டும். ஒவ்வொரு காலும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல கால்தான். கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு உதைக்கிறது.

அது பார்த்துப் பழகிய போட்டோக்களிலும் குழப்பம் இருக்கிறது. உண்மையான மாடுகளின் படங்களை எடுத்துப் பாருங்கள். புல் மறைத்திருக்கும், ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு கால் ஒளிந்திருக்கும், பக்கத்து மாட்டின் கால் நடுவில் நீட்டிக்கொண்டு இருக்கும். 2 கால் தெரியும் படமும் உண்டு, மந்தையில் 6 கால் தெரியும் படமும் உண்டு. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சரி என்றே எடுத்துக்கொள்கிறது.

மனிதர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஓடும் குதிரையை, முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டிப் பறப்பதுபோல ஓவியர்கள் வரைந்து வந்தார்கள். 1878-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாக கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. நாலு காலும் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் அவை வயிற்றுக்கு அடியில் மடங்கித்தான் இருக்கின்றன!

கட்டத்துக்குள் சிக்கிய கால்

இரண்டாவது காரணம், கால் மெலிசு. 2022-ல் வெளியான ஸ்டேபிள் டிபியூஷன் என்ற கருவியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அது 512-க்கு 512 புள்ளி உள்ள படத்தை அப்படியே கையாள்வதில்லை. 8-க்கு 8 புள்ளியை ஒரு கட்டமாகச் சுருக்கி, மொத்தம் 64-க்கு 64 கட்டத்தில்தான் வேலை பார்க்கிறது.

காளையின் உடம்புக்கு இதில் நிறைய கட்டம் கிடைத்து விடும். ஆனால் படத்தில் காளை சின்னதாகத் தூரத்தில் நின்றால், அதன் கால் 10 புள்ளி அகலம்தான் இருக்கும். அதாவது ஒரு கட்டம், ஒன்றேகால் கட்டம். அதற்குள் முட்டி, கணுக்கால், பிளந்த குளம்பு எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். முடிகிற காரியமா? அதனால்தான் தூரத்து மாடுகளின் கால் மெழுகு உருகின மாதிரி வந்து நிற்கிறது.

செல்போனில் பார்க்கும்போது இது தெரியாது. 10 அடி பிளக்சில் அடித்து ரோட்டில் கட்டிய பிறகுதான் ஊருக்கே தெரியும்.

ஒரு காளை, ஒரு போட்டோ

இப்போது ஸ்டூடியோக்களுக்கு வரும் ஒரு வேலையைப் பார்ப்போம். வாடிவாசலில் பேர் வாங்கிய காளை ஒன்று இறந்து விடுகிறது. வளர்த்தவர் மாலை போட்டு, ஊரைக் கூட்டி அடக்கம் செய்கிறார். அதன் பிறகு ஸ்டூடியோவுக்கு வருகிறார். "தம்பி, நானும் அவனும் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்ப்பா. வீட்ல மாட்டணும்" என்கிறார்.

கையில் இருப்பது இரண்டே போட்டோ. ஒன்று, வயல்வெளியில் அவர் மட்டும் நிற்கும் படம். இன்னொன்று, கூட்டத்துக்கு நடுவே எடுத்த காளையின் படம். அதில் தலையும் திமிலும்தான் தெரிகிறது. கால் மொத்தமும் ஆட்களுக்குப் பின்னால் மறைந்து விட்டது. ஆக, காலை ஏ.ஐ.தான் போட வேண்டும்.

இங்கே விளையாட்டுத்தனம் கூடாது. போர்டில் 5 கால் வந்தால் ஊர் சிரித்து விட்டுப் போய்விடும். இந்தப் படத்தில் வந்தால் அந்த மனிதரின் மனது உடைந்து போகும்.

முதல் தப்பு: இடம் பற்றாதது

வயல் போட்டோவில் அவருக்கு வலது பக்கம் கொஞ்சம்தான் காலி இடம். 500 புள்ளி அகலம், 900 புள்ளி உயரம். அவசரத்தில் அந்த இடத்தையே தேர்வு செய்து காளை கேட்டால், கருவி அந்தச் சந்துக்குள் ஒரு முழுக் காளையை அடைக்கப் பார்க்கும். உடம்பு குறுகும், பின்னங்கால் இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். இதையே படுக்கைவாட்டில் நீளமாகத் தேர்வு செய்தால், குட்டைக் காலோடு நீள உடம்பு வரும். உருவம் கெட்டுப் போவதற்குப் பாதிக் காரணம், நாம் கொடுக்கும் பெட்டியின் வடிவம்தான்.

அப்படியானால் எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும்? அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

காளைக்காரரின் உயரம் ஐந்தரை அடி. போட்டோவில் அவர் 1100 புள்ளி உயரம் இருக்கிறார். அப்படியென்றால் அவர் நிற்கும் இடத்தில் ஒரு அடிக்கு 200 புள்ளி. காளையின் தோள் உயரம் எவ்வளவு என்று கேட்டால் வளர்த்தவருக்குத் தெரியாமல் இருக்காது. "நாலு அடிப்பா" என்கிறார். அப்போது அவருக்குப் பக்கத்தில் நிற்கும் காளையின் தோள், தரையில் இருந்து 800 புள்ளி உயரத்தில் இருக்க வேண்டும்.

மாட்டின் உடம்பு நீளம், தோள் உயரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நாலரை அடி என்று வைத்தால் 900 புள்ளி. தலையும் கழுத்தும் சேர்ந்தால் 1200 வரை போகும். கொம்பு, திமில், குளம்புக்குக் கீழே நிழல் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, 1400 அகலம், 1200 உயரம் என்று தேர்வு செய்தால் காளை தாராளமாக நிற்கும். போட்டோவில் அவ்வளவு இடம் இல்லையென்றால், முதலில் வலது பக்கம் வயலை நீட்டி இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். காளையைப் பிறகுதான் கொண்டு வர வேண்டும்.

அடிவானக் கோடு சொல்லும் ரகசியம்

காளை அவருக்குப் பின்னால், தள்ளி நிற்க வேண்டும் என்றால்? அப்போது எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆட்டுக்குட்டி அளவில் காளை நிற்கும், அல்லது யானை அளவில் நிற்கும்.

சமதரையில் எடுத்த போட்டோ என்றால் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தூரத்தில் தரையும் வானமும் சேரும் அடிவானக் கோட்டைப் பாருங்கள். கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ, அந்த உயரத்தில்தான் அந்தக் கோடு எல்லோரையும் வெட்டும். நம் போட்டோவில் கோடு அவருடைய நெஞ்சை வெட்டுகிறது. அதாவது தரையில் இருந்து நாலு அடி. காளையின் தோளும் நாலு அடி. ஆகவே காளை பக்கத்தில் நின்றாலும் சரி, பத்து வரப்பு தள்ளி நின்றாலும் சரி, அதன் தோள் அந்தக் கோட்டைத் தொட்டுத்தான் நிற்க வேண்டும். மாறுவது குளம்பு இருக்கும் இடம் மட்டுமே.

அவருடைய பாதம் கோட்டுக்குக் கீழே 800 புள்ளியில் இருக்கிறது. காளையின் குளம்பைக் கோட்டுக்குக் கீழே 400 புள்ளியில் வைத்தால், காளையின் தோள் உயரமும் 400 புள்ளி. அவ்வளவுதான் கணக்கு. மரம் மறைத்து அடிவானம் தெரியாவிட்டால், ஒன்றுக்கொன்று இணையாக நேராகப் போகும் இரண்டு வரப்புகளை நீட்டிப் பாருங்கள். அவை சேரும் இடம்தான் அடிவான உயரம். ஆனால் மேட்டிலோ பள்ளத்திலோ காளை நின்றால் இந்தக் கணக்கு செல்லாது.

என்ன எழுதுவது?

எழுதிக் கொடுக்கும் வாசகத்திலும் வம்பு இருக்கிறது. வெறுமனே bull என்று எழுதினால், பல நேரம் திமில் இல்லாத வெளிநாட்டு மாடு வந்து நிற்கும். நாட்டுக் காளை வேண்டும் என்றால் அதன் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். ஓடுகிற, பாய்கிற காளை கேட்டால் கால் பின்னிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் சும்மா நிற்கச் சொல்வதே பாதுகாப்பு. உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

```
grey zebu bull with hump, standing still, side view,
hooves on dry field
```

"கூடுதல் கால் வேண்டாம்" என்று இதே வாசகத்தில் எழுதுவதில் பலன் குறைவு. பல கருவிகள் "வேண்டாம்" என்பதை விட்டு விட்டு, "கூடுதல் கால்" என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும்! வேண்டாததைச் சொல்ல ஸ்டேபிள் டிபியூஷனில் Negative prompt என்று தனிப் பெட்டி இருக்கிறது.

காலைச் சோதிப்பது எப்படி?

காளை வந்து விட்டது. பார்த்த உடனே மயங்கி விடக்கூடாது. ஒவ்வொரு குளம்பாக எடுத்து, அங்கிருந்து விரலால் மேலே தடவிக்கொண்டே போங்கள். தோளிலோ தொடையிலோ போய்ச் சேர்ந்தால் அது கால். நெஞ்சுக்கு நடுவில் இருந்தோ, வயிற்றில் இருந்தோ முளைத்திருந்தால் அது பொய்க் கால். நிழலைக் கால் என்று நினைத்துக் கருவி முடித்து வைக்கும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது மூட்டு. மாட்டின் முன்னங்கால் கிட்டத்தட்ட நேராக இறங்கும், நடுவில் முட்டி முன்பக்கம் பார்த்து இருக்கும். பின்னங்காலில் நடுவில் இருக்கும் மூட்டு வால் பக்கமாகப் பின்னால் துருத்தி நிற்கும். அது நமக்கு இருக்கும் குதிகால் மாதிரி. ஏ.ஐ. காளைகளில் இது அடிக்கடி மாறி விடும். பின்னங்கால் மனிதனுக்கு முட்டி மடங்குவதுபோல முன்னால் மடங்கியிருக்கும். மாடு வளர்க்கிறவர்கள் இதை ஒரே பார்வையில் கண்டுபிடித்து விடுவார்கள்.

கடைசியாகக் குளம்பு. மாட்டுக்கு குளம்பு இரண்டாகப் பிளந்து இருக்கும், குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. மாட்டுக் காலில் குதிரைக் குளம்பு மாட்டியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பதும் நல்லது. பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது பளிச்சென்று தெரியும்.

கெட்ட காலை மட்டும் மாற்றுங்கள்

நம் காளைக்கு நெஞ்சில் இருந்து ஒரு ஐந்தாவது கால் வந்திருக்கிறது, பின்னங்கால் ஒன்று முன்னால் மடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மொத்தக் காளையையும் அழித்து விட்டு மறுபடி கேட்பதுதான் எல்லோரும் செய்வது. இது லாட்டரி மாதிரி. இந்தக் கால் சரியாகும், அடுத்த கால் கெடும்.

அதற்குப் பதில் முதலில் பொய்க் காலை மட்டும் எடுக்க வேண்டும். அந்தக் காலையும், அதன் நிழலையும், சுற்றி இருக்கும் கொஞ்சம் தரையையும் சேர்த்துத் தேர்வு செய்து, Generative Fill பெட்டியில் எதுவும் எழுதாமல் காலியாக விட்டால், பெரும்பாலும் பின்னால் இருக்கும் தரையையே நிரப்பும். நிழலை விட்டு விட்டால் வந்தது வினை. "இங்கே நிழல் இருக்கிறதே, கால் இருக்க வேண்டுமே" என்று கருவி மறுபடியும் காலை முளைக்க வைத்து விடும்.

மடங்கிய பின்னங்காலுக்கு வேறு வைத்தியம். அந்தக் காலையும் இதேபோல அழித்து விட்டு, அந்த இடத்தில் மாட்டின் நிறத்திலேயே பிரஷ்ஷை எடுத்து ஒரு காலைக் கச்சாவாக வரைய வேண்டும். ஓவியம் தெரிய வேண்டியதில்லை. தொடை, பின்னால் துருத்தும் மூட்டு, நேராக இறங்கும் கீழ்க்கால், குளம்பு. இந்த நாலும் சரியான இடத்தில் இருந்தால் போதும்.

பிறகு ஸ்டேபிள் டிபியூஷனில் அந்தக் காலை மட்டும் தேர்வு செய்து Inpaint கொடுக்க வேண்டும். Denoising strength என்ற அளவை 0.4-ல் இருந்து 0.55-க்குள் வைத்தால், நாம் வரைந்த வடிவத்தை விடாமல் அதன் மேல் தோலும் முடியும் போட்டுக் கொடுக்கும். 0.2 வைத்தால் நம் கிறுக்கல் அப்படியே நிற்கும். 0.75-க்கு மேல் போனால் நம் வரைபடத்தை மறந்து விட்டுத் தன் இஷ்டத்துக்கு ஒரு காலைப் போட்டு விடும்.

அதே இடத்தில் Inpaint area என்பதை Only masked என்று வைக்க மறக்கக்கூடாது. அப்படி வைத்தால் அந்தக் காலை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி வரைந்து, திரும்பச் சின்னதாக்கி ஒட்டும். முன்பு ஒரு கட்டத்துக்குள் சிக்கித் தவித்த காலுக்கு இப்போது பல கட்டங்கள் கிடைக்கும். தொடைப் பக்கம் கொஞ்சத்தையும் சேர்த்துத் தேர்வு செய்வது முக்கியம். இல்லையென்றால் ஒட்டுப்போட்ட இடம் தையல் போட்டதுபோலத் தெரியும்.

குளம்பு தரையில் படும் இடத்தில் கருத்த நிழல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கால் நாலும் சரியாக இருந்தும் காளை அந்தரத்தில் மிதக்கும். நிழல் விழும் திசை, பக்கத்தில் நிற்கும் மனிதரின் நிழலோடு ஒத்துப்போக வேண்டும்.

நிஜக் கால் கிடைக்குமா?

இவ்வளவு செய்தும், வந்தது ஏதோ ஒரு காளைதான். அவருடைய காளை இல்லை. நெற்றிச் சுழி, கொம்பின் வளைவு, கால் கறுப்பு இவையெல்லாம் வளர்த்தவருக்கு அத்துப்படி. "கால் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது எங்க காளை இல்லையே" என்று அவர் சொன்னால் செய்த வேலை எல்லாம் வீண்.

அதனால் தலையும் திமிலும் அவர் கொடுத்த போட்டோவில் இருந்தே வெட்டி வைக்கப்பட வேண்டும். ஏ.ஐ.யிடம் கேட்க வேண்டியது மறைந்து போன பாகத்தை மட்டும்தான். அதையும் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பது நல்லது: "அண்ணே, காளை வாடிவாசலை விட்டு வெளிய வந்தப்ப யாராச்சும் வீடியோ எடுத்தாங்களா?"

இந்தக் காலத்தில் ஜல்லிக்கட்டுக் காளைக்கு வீடியோ இல்லாமல் இருப்பது அபூர்வம். ஆட்டம் முடிந்து கயிற்றில் பிடித்து நடத்திப் போகும்போது, பக்கவாட்டில் நாலு காலும் தெரிகிற மாதிரி ஒரு நொடியாவது அதில் கிடைக்கலாம். அந்த ஒரு பிரேமை நிறுத்தி எடுத்தால், கால் நீளம், மூட்டு, நிறம் எல்லாம் நிஜமாகக் கிடைத்து விடும். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அதை அடியில் வைத்து, குறைந்த Denoising strength-ல் மெருகேற்றினால் போதும். பிரஷ்ஷால் வரைந்த காலை விட இது பல மடங்கு நம்பகமானது.

புதிய ஏ.ஐ. கருவிகளில் கால் தப்பு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஓடும் மாடு, மந்தை, தூரத்தில் சின்னதாக நிற்கும் மாடு என்று வந்தால் இன்னமும் தடுமாறத்தான் செய்கின்றன. ஆகவே பிளக்சுக்கோ பிரேமுக்கோ அனுப்புவதற்கு முன்னால், குளம்பில் இருந்து தொடை வரை விரல் வைத்து ஒரு தடவை எண்ணிப் பார்த்து விடுவது நல்லது. மாடு வளர்க்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினால் இன்னும் நல்லது.